பயிற்சிக் கணக்கைப் போட்டோ எடுக்கலாம், தேர்வுக் கணக்கை வேண்டாம்: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு ஆ பிரிவுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு ஆற அமரப் படியுங்கள். முடிந்தால் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டில் இயற்கணிதம் பாடத்துக்கு ஒரு ஆன்லைன் தேர்வு வைத்தேன். கூகுள் ஃபார்ம்ஸில் 10 கேள்வி, 10 மதிப்பெண். ஃபார்ம்ஸில் அடுக்கு எண்ணை மேலே சின்னதாகத் தட்டச்சு செய்வது தொல்லை. அதனால் கேள்விகளைத் தாளில் எழுதிப் படமாக ஒட்டினேன். நான்காவது கேள்வி இது:

2x² − 7x + 3 = 0

விடை 3, அப்புறம் 1/2. தெரியாதவர்கள் காலியாக விடுவார்கள், குறியை மாற்றிப் போடுவார்கள். அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஆனால் ஏழு பேர் x = 1 என்று ஒரே ஒரு விடை எழுதியிருந்தார்கள். இருபடிச் சமன்பாட்டுக்குப் பொதுவாக இரண்டு மூலங்கள் வரும் என்று இரண்டு வாரமாகக் கத்தியிருக்கிறேன். கையால் போட்டுப் பார்த்தால் இந்த 1 எந்த வழியிலும் வராது. எங்கிருந்து வந்தது?

கணக்கைப் போட்டோ எடுத்தால் விடை போட்டுக் கொடுக்கும் செயலிகள் இப்போது போனில் உண்டு. அன்று இரவு அதே படத்தை என் போனில் அப்படி ஒரு செயலியில் காட்டிப் பார்த்தேன். நான் எழுதிய அடுக்கு 2 கொஞ்சம் கீழே இறங்கி, அளவிலும் பெரிதாக இருந்தது. செயலி அதை அடுக்காக எடுக்கவில்லை. 2x2, அதாவது 2 × x × 2 என்று வாசித்தது. அப்படியானால் 4x − 7x + 3 = 0, அதிலிருந்து x = 1. அந்தத் தப்பான கணக்கை அது மிகச் சரியாகப் போட்டுக் கொடுத்திருந்தது.

ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்பது இதில் சின்ன விஷயம். மற்ற கேள்விகளின் படங்கள் தெளிவாக இருந்தன. அவற்றை எத்தனை பேர் போட்டோ எடுத்துப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வர்க்கப்பூர்த்திக் கேள்விக்கு அந்தத் தேர்வில் பெரும்பாலோர் சரியாக விடை கொடுத்திருந்தார்கள். சரி, இது புரிந்துவிட்டது என்று நினைத்து, அதற்காக ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பீரியடை அடுத்த பாடத்துக்குக் கொடுத்துவிட்டேன். காலாண்டுத் தேர்வில் அதே வகைக் கேள்வி வந்தபோது வகுப்பில் பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை. ஆன்லைன் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எதைத் திரும்ப நடத்துவது என்று முடிவு செய்கிறேன். அந்த மதிப்பெண் பொய் சொன்னால், திரும்ப நடத்த வேண்டிய பாடத்தைத் தாண்டிப் போய்விடுவேன். ஒழுங்காகப் போட்டுத் தப்பு விட்ட பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பீரியட் போய்விடுகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் போனைப் பிடுங்கிப் பூட்டி வைக்க வேண்டாம். டியூஷனுக்கு அனுப்ப வசதி இல்லாத வீட்டில், ராத்திரி 9 மணிக்கு ஒரு கணக்கில் முட்டி நிற்கும் பிள்ளைக்கு போட்டோமேத், கூகுள் லென்ஸ் போன்றவை உண்மையிலேயே உதவும். எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில், எந்தக் கணக்கை எடுக்கலாம்?

பாடப்புத்தகப் பயிற்சிக் கணக்குகள், பாடத்தின் கடைசியில் உள்ள அலகுப் பயிற்சி, பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்கள், நான் ‘பயிற்சிக்கு’ என்று எழுதி அனுப்பும் தாள்கள். இவை எல்லாவற்றையும் எடுக்கலாம். புத்தகக் கணக்குகளுக்குப் பின்பக்கத்தில் விடை இருப்பதால் செயலி சொல்வதைச் சரிபார்க்கவும் முடியும். ஆரம்பத்தில் அவற்றோடு பழகுவது நல்லது.

நான் அனுப்பும் எந்தத் தாளிலும் மேலே இரண்டில் ஒன்று எழுதியிருப்பேன்: ‘பயிற்சிக்கு’ அல்லது ‘மதிப்பெண் உண்டு’. இரண்டாவது இருந்தால் அந்தத் தாள் முடியும்வரை கேமராவுக்கு வேலை இல்லை. இரண்டுமே எழுத மறந்திருந்தால் அது என் தப்பு, கேட்டுவிடுங்கள்.

ஒரு வகைக் கணக்குக்குப் போட்டோவே பிரயோஜனப்படாது. பொதுத்தேர்வில் கடைசிப் பகுதியில் இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 8 மதிப்பெண்: ஒன்று செய்முறை வடிவியல், மற்றொன்று வரைபடம். தொடுகோடு வரைவதும் வடிவொத்த முக்கோணம் அமைப்பதும் காம்பஸைப் பிடித்த கைக்குத்தான் வரும். வரைபடத்தைச் செயலி அழகாக வரைந்து காட்டும். ஆனால் நம் வரைபடத்தாளில் x அச்சில் 1 செ.மீ.க்கு எத்தனை அலகு, y அச்சில் எத்தனை என்று அளவுத்திட்டம் எழுதி, அட்டவணை போட்டுப் புள்ளி வைத்தால்தான் மதிப்பெண். அந்த 16 மதிப்பெண்ணுக்குப் பென்சிலை நம்புங்கள்.

கால் மணி நேரம் கையால்

போட்டோ எடுப்பதற்கு முன் பிள்ளை 15 நிமிடம் அந்தக் கணக்கோடு தனியாகப் போராட வேண்டும். இது நான் வைத்திருக்கும் கணக்கு. சிலருக்கு 10 நிமிடமே போதும். நேரத்தைவிட, நோட்டில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். ‘தெரியல’ என்று சொல்லும் பிள்ளையிடம் நோட்டைக் காட்டச் சொன்னால் பல சமயம் கேள்வி எண் மட்டும்தான் இருக்கும்.

எழுத ஆரம்பித்து, எந்த வரியில் நின்றதோ அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். பின்னால் வரும் எல்லாப் படிகளுக்கும் அந்த நட்சத்திரம்தான் ஆதாரம். செயலியில் ஒரு கணக்குக்குப் பத்து வரி வரும். நட்சத்திரம் இல்லாவிட்டால் பிள்ளை பத்தையும் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்து, எல்லாம் புரிந்ததாக நினைத்துக்கொள்ளும்.

போட்டோ எடுப்பது

ஒரு தடவைக்கு ஒரே ஒரு கணக்கு. மேலும் கீழும் உள்ள கணக்குகள் சட்டகத்துக்குள் வந்தால் பக்கத்துக் கணக்கின் எண் இதில் ஒட்டிக்கொள்ளும். புத்தகத்தைத் தட்டையாக வைத்து, போனை நேர் மேலே பிடிக்க வேண்டும். டியூப் லைட் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கை நிழல் தாளில் விழும். கழித்தல் குறி அந்த நிழலில்தான் காணாமல் போகும். கையெழுத்துக் கணக்கானால் x-ஐயும் பெருக்கல் குறியையும் வித்தியாசம் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும். 1-உம் 7-உம் ஒன்றுபோல எழுதுகிறவர்களுக்கு இது ஒரு சாக்கில் கையெழுத்துப் பயிற்சியாகவும் அமையும்.

நோட்டின் பெயர் எழுதிய அட்டை, அடையாள அட்டை, பின்னால் நிற்கும் தங்கச்சி, இவை எதுவும் படத்தில் வேண்டாம். காசு கட்டினால் இன்னும் விளக்கமாகச் சொல்கிறேன் என்று செயலி கேட்டால் கட்டாதீர்கள். அந்த விளக்கத்துக்கு மறுநாள் காலையில் நான் இருக்கிறேன்.

செயலி என்ன வாசித்தது என்று பார்ப்பது

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். செயலி விடையைக் காட்டுவதற்கு முன்போ அதன் மேலேயோ, தான் வாசித்த கணக்கை அச்செழுத்தில் காட்டும். புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் வைத்து, குறி, எண், அடுக்கு என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாசிப்பில் ஒரு சின்னப் பிசகு வந்தாலும் அதற்குப் பிறகு வரும் எல்லா வரியும் சரியாகவே இருக்கும். 2x² − 7x + 3 = 0 என்பதில் அடுக்கு போனால் விடை 1 என்று மேலே பார்த்தோம். அடுக்கு இருந்து, கழித்தல் குறி கூட்டலாக மாறினால் 2x² + 7x + 3 = 0 ஆகும்; விடை −3, −1/2. இரண்டு மூலம், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். சந்தேகமே வராது.

அதனால் விடை வந்ததும் அதைக் கேள்வியில் பிரதியிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். x = 3 என்று போட்டால் 2 × 9 = 18, அதிலிருந்து 21 போக −3, கூட்டல் 3, பூச்சியம். சரி. x = −3 என்று போட்டால் 18 + 21 + 3 = 42. பூச்சியம் வரவில்லை, ஆக எங்கேயோ தப்பு. x = 1 போட்டால் 2 − 7 + 3 = −2. அதுவும் தப்பு. அந்த ஏழு பேரும் இந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் எனக்குக் கதையே தெரியாமல் போயிருக்கும்!

நட்சத்திரம் போட்ட வரி மட்டும்

இப்போது செயலியின் படிகளைத் திறக்கலாம். ஆனால் பிள்ளை எந்த வரியில் நின்றதோ அதற்கு அடுத்த வரி வரைதான். பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிச்சத்தைத் தானாகப் போட வேண்டும். மறுபடி நின்றால் அங்கே இன்னொரு நட்சத்திரம், இன்னொரு வரி.

ஒரு மாணவி இதைச் செய்த விதத்தை அப்படியே சொல்கிறேன். காலாண்டுக்குப் பிறகு மதிய இடைவேளையில் என்னிடம் வந்து உட்கார்ந்து, அதே 2x² − 7x + 3 = 0 கணக்கை வர்க்கப்பூர்த்தி முறையில் போட்டாள். முதல் வரியில் 3-ஐ வலப்பக்கம் கொண்டுபோய் 2x² − 7x = −3 என்று எழுதினாள். அடுத்து x-இன் கெழுவில் பாதியை எடுத்து வர்க்கப்படுத்தி இரண்டு பக்கமும் கூட்ட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். 7-இல் பாதி 7/2, அதன் வர்க்கம் 49/4. கூட்டினாள். இடப்பக்கம் முழு வர்க்கமாக மாறவே இல்லை. அங்கே நட்சத்திரம் போட்டாள்.

போனில் பார்த்தபோது, அவள் முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் நடுவில் செயலி ஒரு வரி கூடுதலாக வைத்திருந்தது:

x² − (7/2)x = −3/2

“ஓ, ரெண்டால வகுக்கணுமா!” என்றாள். போனைக் கவிழ்த்தாள். 7/2-இல் பாதி 7/4, வர்க்கம் 49/16. வலப்பக்கம் −24/16 + 49/16 = 25/16. ஆகவே x − 7/4 = ± 5/4; x = 3 அல்லது 1/2. மிச்சம் நான்கு வரியையும் அவளே போட்டாள். x²-க்கு முன்னால் 1 இல்லாவிட்டால் முதலில் அதனால் வகுக்க வேண்டும் என்ற அந்த ஒரே விஷயம்தான் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. பத்து வரியையும் ஒரேயடியாகப் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க நம் புத்தகத்தில் மூன்று முறை உண்டு: காரணிப்படுத்துதல், வர்க்கப்பூர்த்தி, சூத்திரம். செயலி தனக்கு வசதியான முறையை முதலில் காட்டும், பல நேரம் சூத்திரத்தை. கேள்வியில் ‘வர்க்கப்பூர்த்தி முறையில் தீர்க்க’ என்று இருந்து, சூத்திரத்தில் போட்டு 3, 1/2 என்று விடை கொண்டுவந்தால் படிகளுக்கான மதிப்பெண் போய்விடும். வேறு முறையைத் தேர்ந்தெடுக்கும் இடம் சில செயலிகளில் உண்டு. அதைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்கவில்லையானால் புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

எண்ணை மாற்றிப் போடுவது

கணக்கு முடிந்ததும், அதே வகையில் எண் மட்டும் மாறிய இன்னொரு கணக்கைப் போன் இல்லாமல் போட வேண்டும். x² + 6x − 7 = 0 போட்டிருந்தால் அடுத்தது x² + 8x − 9 = 0. முதலாவதில் இரு பக்கமும் 9 கூட்டினோம், இதில் 16 கூட்ட வேண்டும். இதிலும் 9-ஐக் கூட்டினால் பிள்ளை கணக்கைப் படிக்கவில்லை, செயலியின் வரியை மனப்பாடம் செய்திருக்கிறது என்று தெரிந்துவிடும். (விடைகள்: முதலாவதற்கு 1, −7, இரண்டாவதற்கு 1, −9.)

மறுநாளோ அதற்கு மறுநாளோ முதல் கணக்கை வெறும் தாளில் மறுபடி போட வேண்டும். வந்துவிட்டால் நோட்டில் அந்த நட்சத்திரத்தை அழித்துவிடலாம். வராவிட்டால் நோட்டை என்னிடம் அனுப்புங்கள். நட்சத்திரத்தைப் பார்த்தாலே எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வாக்கியக் கணக்கு

இதற்கு வழி வேறு. ஒரு பேருந்து 180 கி.மீ. தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. வேகம் மணிக்கு 15 கி.மீ. கூடியிருந்தால் 1 மணி நேரம் குறைவாக ஆகியிருக்கும். வேகம் என்ன?

தமிழில் அச்சான இந்த மாதிரிக் கணக்கைப் போட்டோ எடுத்தால் சில செயலிகள் எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வேறு எதையோ செய்யும். சில, வாக்கியத்தைப் புரிந்துகொண்டு முழு விடையையும் கொடுத்துவிடும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஆபத்து. ஏனென்றால் இந்தக் கணக்கில் கற்றுக்கொள்ள வேண்டியதே வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றுவது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் தெரிந்த வேலை.

அதனால் வாக்கியக் கணக்கைப் போட்டோ எடுக்கக் கூடாது. பிள்ளை தானாக எழுதிய சமன்பாட்டை எடுக்கலாம். வேகம் x என்றால் ஆகும் நேரம் 180/x. கூடிய வேகத்தில் 180/(x + 15). இரண்டுக்கும் வித்தியாசம் 1. அதைச் சுருக்கினால் x² + 15x − 2700 = 0. இதுவரை கையால் வர வேண்டும். அப்புறம் வேண்டுமானால் கேமரா. செயலி 45, −60 என்று இரண்டு விடை தரும். பேருந்தின் வேகம் −60 ஆக இருக்க முடியாது, ஆகவே 45 என்று சொல்ல வேண்டியதும் பிள்ளைதான். சரியா என்று பார்க்க: 45-இல் போனால் 4 மணி நேரம், 60-இல் போனால் 3 மணி நேரம்.

சமன்பாடே அமையவில்லை என்றால் அது போனில் தீரும் விஷயம் இல்லை. என்னிடம் அனுப்புங்கள்.

“எங்களுக்குக் கணக்குத் தெரியாதே, டீச்சர்”

ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் கேட்கிறேன். கணக்குத் தெரிய வேண்டாம். கணக்கு முடிந்ததும் நோட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேளுங்கள். நட்சத்திரம் எங்கே? போன் பார்த்ததும் என்ன தெரிந்தது? இந்த எண் எங்கிருந்து வந்தது? மூன்றாவதைக் கேட்கும்போது நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு எண்ணின் மேல் விரல் வையுங்கள், எதுவானாலும் சரி.

“அது எட்டுல பாதி நாலும்மா, நாலோட வர்க்கம் பதினாறு” என்று நிறுத்தாமல் வந்தால் போதும், உங்களுக்கு அது புரிய வேண்டியதில்லை. “அது அப்படித்தான் வரும்” என்று வந்தால் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. கேட்கிறவருக்குக் கணக்குத் தெரியாது என்பது ஒரு வகையில் வசதியும்கூட. விளக்கிச் சொல்லியே ஆக வேண்டும், தலையாட்டித் தப்பிக்க முடியாது.

தேர்வு நாளில்

இனி ஆன்லைன் தேர்வுக்கு வருவோம். ஃபார்ம்ஸில் எனக்குத் தெரிவது பிள்ளை அனுப்பிய விடையும், அனுப்பிய நேரமும்தான். வேறு எந்தச் செயலியைத் திறந்தார்கள், நடுவில் எங்கே போனார்கள் என்று எதுவும் தெரியாது. திரையைப் பூட்டி வைக்கும் வசதி ஃபார்ம்ஸில் இருந்தாலும், பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக் கணினிகளில்தான் அது வேலை செய்யும். நம் பிள்ளைகள் எழுதுவது உங்கள் போனில். ஆகவே நான் கண்காணிக்கிறேன் என்று பொய் சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை.

வீட்டில் இரண்டாவது போன் இல்லை, அதனால் எங்கள் பிள்ளை அப்படிச் செய்ய முடியாது என்று சிலர் நினைக்கிறீர்கள். ஒரே போனிலேயே முடியும். திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லென்ஸில் போடலாம். பல புதிய ஆண்ட்ராய்டு போன்களில் கீழே அழுத்திப் பிடித்து, கேள்வியைச் சுற்றி விரலால் வட்டம் போட்டாலே தேடிவிடும். இதை உங்களுக்குத் தெரிவித்துவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அதற்காகத் தேர்வுக்குப் பிறகு கேலரியைத் துருவிப் பார்க்கச் சொல்ல மாட்டேன். அந்த வழியில் போனால் பிள்ளை அழிக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். தேர்வு நடக்கும் 40 நிமிடமும் நீங்கள் இருக்கும் அறையிலேயே எழுதட்டும். நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருங்கள். திரையை எட்டிப் பார்க்க வேண்டாம், விடை சொல்லவும் வேண்டாம். அண்ணன் அக்காவுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பாசத்தில் விடை சொல்வதும் போட்டோ எடுப்பதும் என் மதிப்பெண் பட்டியலில் ஒரே மாதிரிதான் விழும்.

மேசையில் இருக்க வேண்டியவை: தேர்வு எழுதும் போன், வெள்ளைத்தாள், பேனா. எல்லாக் கணக்கையும் தாளில் போட்ட பிறகே விடையைப் பதிய வேண்டும். கடைசியில், போட்ட தாளைப் போட்டோ எடுத்து ஃபார்ம்ஸில் சேர்க்கக் கேட்டிருப்பேன். தேர்வில் கேமராவுக்கு உள்ள ஒரே வேலை அதுதான். தாளில் வழி சரியாக இருந்து, விடையைத் தப்பாகப் பதிந்திருந்தால் படிகளுக்கு மதிப்பெண் தருவேன். தாளே இல்லாமல் விடை மட்டும் வந்தால் அந்தக் கேள்வியைப் பள்ளியில் பலகையில் ஒரு தடவை போடச் சொல்வேன். இது எல்லாருக்கும் பொது, யாரையும் சந்தேகப்பட்டு இல்லை.

கேள்விப் படம் மங்கலாக இருந்தால் பெரிதாக்கிப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள், லென்ஸுக்குக் காட்ட வேண்டாம். ஆகஸ்டில் படத்தைச் சரியாக ஒட்டாதது என் குறை. இந்த முறை கணினியில் தட்டச்சு செய்து, பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். நெட் போனால் பதற வேண்டாம். கூகுள் கணக்கில் நுழைந்து எழுதினால் பாதி எழுதியது அப்படியே சேமிப்பாகி இருக்கும், திரும்பத் திறந்து தொடரலாம். கரண்டும் போய் நெட்டும் வராவிட்டால் மறுநாள் காலை 8:30-க்கு வகுப்பில் தாளில் எழுதிக்கொள்ளலாம், மதிப்பெண் குறையாது. கேள்வியை வாட்ஸாப் குழுவில் போட்டுவிடாதீர்கள், ‘இது என்ன எழுத்து?’ என்று கேட்பதற்காகக்கூட. மற்றவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

தேர்வு மாலை 6:40-க்கு மூடும். 6:41-க்கு அதே கேள்விகளைப் போட்டோ எடுக்கலாம். சொல்லப்போனால் எடுக்க வேண்டும் என்பேன். சற்று முன்தான் முட்டிய கணக்கு, எங்கே நின்றோம் என்பது மனசில் சூடாக இருக்கும். மேலே சொன்ன நட்சத்திர வேலைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஏற்கெனவே போட்டோ எடுத்து எழுதிவிட்டால்

எடுத்திருந்தால் பிள்ளையே வந்து என்னிடம் சொல்லட்டும். திட்ட மாட்டேன், பூச்சியமும் போட மாட்டேன், வகுப்பில் பெயரைச் சொல்லவும் மாட்டேன். அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டு, அதே பாடத்தில் வேறு கேள்விகளைத் தாளில் கொடுப்பேன். அதில் வருவதுதான் மதிப்பெண். 10-க்கு 4 வந்தாலும் 4 என்றே இருக்கட்டும். அந்த நாலை வைத்துக்கொண்டு எனக்கு வேலை செய்ய முடியும்.

ஆகஸ்டுத் தேர்வில் x = 1 எழுதிய ஏழு பேரில் நான்கு பேர் இதுவரை வந்து பேசிவிட்டார்கள். மற்ற மூவரின் பெற்றோரும் இதைப் படிப்பீர்கள். யார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நானாகக் கூப்பிடப் போவதில்லை.

அடுத்த ஆன்லைன் தேர்வு வரும் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு, இருபடிச் சமன்பாடுகள் மட்டும். வர்க்கப்பூர்த்தியில் இரண்டு கேள்வி இருக்கும். அதற்கு முன் புதனும் வியாழனும் அந்த விட்டுப்போன இரண்டு பீரியடை எடுக்கிறேன். நட்சத்திரம் போட்ட நோட்டைப் புதன்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியர்,
பத்தாம் வகுப்பு ஆ பிரிவு